அப்டேட் ஆன பிறகு இயர்போன் பட்டன் கேட்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணம் ஊற்றி ஓடு போடுகிறவர் காலையில் வேலையைத் தொடங்கினால் மதியம் வரை கையில் சிமென்ட்தான். போன் சட்டைப்பையில் பூட்டியபடி கிடக்கும். பாட்டை நிறுத்தவோ அடுத்ததற்குப் போகவோ அவருக்கு இருப்பது இயர்போன் கம்பியில் தொங்கும் ஒரே ஒரு பட்டன். அது கேட்காமல் போனால் அவர் கையைக் கழுவி, துடைத்து, போனை எடுத்து, பூட்டைத் திறந்து, ஆப்பைத் தேட வேண்டும். அதற்குள் தகட்டில் ஊற்றிய வண்ணம் இறுகத் தொடங்கிவிடும்.

போன் பெரிய அப்டேட் ஒன்றை ஏற்றிக்கொண்ட பிறகு காரைக்குடியில் எங்கள் சர்வீஸ் கடைக்கு வரும் புகார்களில் இந்த வகை அதிகம். லாக் ஸ்கிரீனில் பாட்டுக் கட்டுப்பாடு இல்லை, விட்ஜெட் வெளிறிக் கிடக்கிறது, இயர்போன் பட்டன் வேலை செய்யவில்லை என்று மூன்று கோளாறாகச் சொல்வார்கள். பெரும்பாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கும். கீழே உள்ளது ஆண்ட்ராய்டு போனுக்கு மட்டும். செட்டிங்ஸில் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், சொன்ன இடத்தில் ஒன்று கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் அதைத் தட்டிப் பாருங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்

அப்டேட் முடிந்து போன் திறந்ததும் PIN அல்லது பேட்டர்ன் ஒருமுறை போட்டீர்களா? அதைப் போடும் வரை உங்கள் ஆப்களின் தரவு பூட்டப்பட்டே இருக்கும். பெரும்பாலான ஆப்கள் எழவே முடியாது. இரவில் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆன போனை, காலையில் பூட்டைத் திறக்காமலே பையில் போட்டுக்கொண்டு போனால் பட்டன் கேட்காது. அது கோளாறே இல்லை.

அது சரி என்றால், அடுத்து ஒரு சோதனை. பாட்டு ஆப்பைத் திறந்து, திரை எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு பாட்டை ஓடவிடுங்கள். இப்போது இயர்போன் பட்டனை அழுத்துங்கள். பாட்டு நின்றால் கம்பி, பட்டன், ஜாக் மூன்றும் நலம். ஆப் பின்னணிக்குப் போனபின்தான் ஏதோ நடக்கிறது. நிற்கவில்லை என்றால், வீட்டில் யாரையாவது உங்கள் எண்ணுக்கு அழைக்கச் சொல்லி, மணி அடிக்கும்போது பட்டனை அழுத்துங்கள். அழைப்பு எடுக்கப்பட்டால் பட்டன் நல்ல பட்டன், ஆப்பில்தான் பிரச்சினை. அழைப்பும் எடுக்கவில்லை என்றால் அப்டேட்டைத் திட்டுவதை நிறுத்திவிட்டு ஜாக்கைப் பாருங்கள். அது கடைசிப் பகுதிக்கு முந்தியதில் இருக்கிறது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராக ஃபேக்டரி ரீசெட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. போட்டோவெல்லாம் போன பிறகும் பட்டன் அப்படியேதான் இருக்கும்.

அறிகுறி: ஆப் திறந்திருந்தால் பட்டன் கேட்கிறது, கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் கேட்பதில்லை, விட்ஜெட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது

இதுதான் அதிகம் வருவது. காரணம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பாட்டு ஓடும்போது, ஆப் போனிடம் "நான் ஒலி கொடுத்துக்கொண்டிருக்கிறேன், பட்டன் அழுத்தினால் என்னிடம் சொல்" என்று பதிந்து வைக்கும். ஆண்ட்ராய்டில் இதை மீடியா செஷன் என்பார்கள். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் இந்த ஏற்பாடுதான். லாக் ஸ்கிரீனில் தெரியும் கட்டுப்பாடும் இயர்போன் பட்டனும் இந்த ஒரே செஷனிலிருந்துதான் உயிர் பெறுகின்றன. ஒன்று போனால் மற்றதும் சேர்ந்து போவது அதனால்தான்.

பாட்டை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால், சிறிது நேரத்தில் போன் அந்த ஆப்பை நினைவகத்திலிருந்து இறக்கிவிடும். அதில் தவறில்லை. ஆனால் இறக்கும்போதும் ஒரு முகவரிச் சீட்டு மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளும்: பட்டன் அழுத்தினால் எந்த ஆப்பை எழுப்ப வேண்டும் என்று. நீங்கள் திரும்பி வந்து பட்டனை அழுத்தினால் அந்தச் சீட்டைப் பார்த்து ஆப்பை எழுப்பும், பாட்டு தொடரும்.

சீட்டு கிழிவது எப்போது? ஆப் சும்மா இறக்கப்படாமல் வலுக்கட்டாயமாக அடியோடு நிறுத்தப்படும்போது, அதாவது Force stop செய்யப்படும்போது. ஆண்ட்ராய்டு 15-லிருந்து இந்த விஷயத்தில் போன் கண்டிப்பாகிவிட்டது. Force stop ஆன ஆப் விட்டுவைத்த இந்த மாதிரிச் சீட்டுகள் எல்லாவற்றையும் போன் ரத்து செய்துவிடும். அந்த ஆப்பின் விட்ஜெட்டையும் சாம்பல் நிறமாக்கி முடக்கிவிடும். நீங்களே ஆப்பின் ஐகானைத் தொட்டுத் திறக்கும் வரை விட்ஜெட் உயிர் பெறாது. ஆகவே விட்ஜெட் வெளிறிக் கிடக்கிறது என்றால் அது ஒரு துப்பு: யாரோ அல்லது எதுவோ அந்த ஆப்பை Force stop செய்திருக்கிறது.

"நான் அப்படி எதுவும் செய்யலையே தம்பி" என்பார்கள். உண்மைதான், பெரும்பாலும் அவர்கள் செய்வதில்லை. பல கம்பெனி போன்களில் கிளீனர், பூஸ்டர், போன் மேனேஜர் என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு ஆப் கூடவே வருகிறது. அது "சுத்தம்" செய்யும்போது சில போன்களில் ஆப்களை Force stop-தான் செய்கிறது. முந்தைய ஆண்ட்ராய்டில் இதன் விளைவு அவ்வளவாக வெளியே தெரியவில்லை, 15-இல் தெரிகிறது. அதனால் அப்டேட்தான் கெடுத்தது என்று தோன்றும். பழைய பழக்கமும் புதிய கண்டிப்பும் மோதிக்கொண்டன என்பதுதான் சரி.

ஆத்தங்குடி அண்ணன் ஒருவரின் போனில் நடந்தது இதுவே. மெமரி கார்டில் பழைய பாட்டுகள், அதை ஓட்ட ஒரு ஆஃப்லைன் பிளேயர், முகப்புத் திரையில் அதன் விட்ஜெட். 14-லிருந்து 15-க்கு அப்டேட் ஆன பிறகு காலையில் பட்டன் செத்துக் கிடக்கும். ஆப்பைத் திறந்து ஒரு பாட்டைப் போட்டால் மாலை வரை நன்றாக ஓடும். மறுநாள் காலை மீண்டும் அதே கதை.

"ராத்திரி போன் யார் கையிலண்ணே இருக்கும்?" என்று கேட்டேன்.

"பையன்தான் கேம் ஆடுவான். ஆடுறதுக்கு முன்னாடி என்னமோ ராக்கெட் படத்தை அமுக்குவான் தம்பி, போன் வேகமா ஓடுமாம்."

அந்த ராக்கெட்தான். லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தபோது உறுதியானது. இதற்கு டெவலப்பர் ஆப்ஷன்ஸில் USB debugging-ஐ இயக்கியிருக்க வேண்டும், கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் adb என்ற கருவி கணினியில் இருக்க வேண்டும். `com.example.player` இருக்கும் இடத்தில் உங்கள் ஆப்பின் பேக்கேஜ் பெயரைப் போடுங்கள்:

```
adb shell "dumpsys package com.example.player | grep stopped="
```

ராக்கெட்டை அழுத்துவதற்கு முன் `stopped=false`. அழுத்திய பின் `stopped=true`. அந்த நொடியே விட்ஜெட்டும் வெளிறியது. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். மகனைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சரிசெய்வது கணினி இல்லாமலே முடியும். முதலில் பாட்டு ஆப்பை அதன் ஐகானிலிருந்து திறந்து, ஒரு பாட்டைச் சில நொடிகளாவது ஓடவிடுங்கள். திறந்தால் மட்டும் போதாது. பல ஆப்கள் பாட்டு ஓடும்போதுதான் சீட்டைப் புதிதாக எழுதிக் கொடுக்கின்றன. அப்புறம் அந்த ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து App info-வுக்குப் போங்கள். பேட்டரி பகுதியில் Unrestricted என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில புதிய போன்களில் Allow background usage என்று ஒரு ஸ்விட்ச் மட்டும் தெரியும். ஸ்விட்சை அல்ல, அந்த எழுத்தைத் தொட்டால் உள்ளே Unrestricted இருக்கும். அதே App info பக்கத்தின் கீழே, பயன்படுத்தாத ஆப்பை நிறுத்திவைக்கும் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். சில மாதம் தொடாத ஆப்பை அது தூங்கவைத்துவிடும், அனுமதிகளையும் பிடுங்கிக்கொள்ளும்.

இதெல்லாம் செய்தும் கிளீனர் கையை வைத்தால் பயனில்லை. கிளீனரின் செட்டிங்ஸில் விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கும். பாட்டு ஆப்பை அதில் சேருங்கள். உங்கள் போனில் Autostart என்ற செட்டிங் இருந்தால் அதிலும் இந்த ஆப்புக்கு அனுமதி கொடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு இந்த இரண்டும் சில போன்களில் பழைய நிலைக்குத் திரும்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் "அதெல்லாம் அப்பவே போட்டாச்சு" என்று விட்டுவிடாமல் மறுபடி திறந்து பாருங்கள்.

சரியாகிவிட்டதா என்று உடனே சோதித்தால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் ஆப் அப்போது நினைவகத்தில்தான் இருக்கும். பாட்டை நிறுத்தி, திரையைப் பூட்டி, உங்கள் சாப்பாட்டு இடைவேளை எவ்வளவோ அவ்வளவு நேரம் போனைத் தொடாமல் வையுங்கள். பிறகு பூட்டைத் திறக்காமலே பட்டனை அழுத்துங்கள். பாட்டு வந்தால் முடிந்தது.

அறிகுறி: பட்டனை அழுத்தினால் வேறு ஆப் பாடுகிறது

இளையராஜாவை எதிர்பார்த்து அழுத்தினால் நேற்று இரவு பார்த்த யூடியூப் சமையல் வீடியோ பேசத் தொடங்கும். இது கோளாறு இல்லை, விதி. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0-லிருந்து, கடைசியாக எந்த ஆப் ஒலி கொடுத்ததோ அதற்குத்தான் பட்டன் போகும். உங்களுக்குப் பிடித்த ஆப் எது என்பதைப் போன் பார்ப்பதில்லை. பிரவுசரில் திறந்து மறந்துபோன வீடியோ பக்கமும் இந்தப் போட்டியில் சேர்த்தி.

வேலைக்குப் போகும் முன் வேண்டிய ஆப்பில் சில நொடி பாட்டை ஓடவிட்டு நிறுத்துங்கள். பட்டன் அதன் வசமாகிவிடும். இடையில் வேறு வீடியோ பார்த்தால் திரும்பவும் இதையே செய்ய வேண்டும். வேறு வழி இல்லை.

பட்டன் இப்போது யார் வசம் என்று சந்தேகம் வந்தால், கணினி இருப்பவர்கள் இதைக் கேட்கலாம்:

```
adb shell dumpsys media_session
```

நீளமாக வரும். அதில் `Media button session is` என்று தொடங்கும் வரியை மட்டும் பாருங்கள். அங்கே உங்கள் ஆப்பின் பெயர் இருந்தால் பட்டன் அதன் வசம் இருக்கிறது. வேறு பெயர் இருந்தால் குற்றவாளி அது. `null` என்று இருந்தால், அந்த நேரத்தில் யாரும் செஷன் வைத்திருக்கவில்லை என்று பொருள். முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

பட்டனை நீளமாக அழுத்தினால் பாட்டுக்குப் பதில் குரல் உதவி திறப்பதும் இதைப் போல இயல்பான ஒன்றுதான். கம்பி இயர்போனில் நீண்ட அழுத்தத்தைப் போன் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்; பாட்டு ஆப்பிடம் அது வந்து சேராது.

அறிகுறி: ஒரு தட்டு கேட்கிறது, இரண்டு தட்டு கேட்பதில்லை

இங்கே முதலில் கேட்க வேண்டியது: கம்பியா, ப்ளூடூத்தா? இரண்டிலும் தட்டுகளை எண்ணுகிறவர் வேறு வேறு.

கம்பி இயர்போனின் பட்டன் வெறும் பட்டன். அழுத்தினேன், விட்டேன் என்பது மட்டும்தான் போனுக்குத் தெரியும். அது ஒரு தட்டா இரண்டா என்று முடிவு செய்வது போனிலும் ஆப்பிலும் உள்ள நிரல். இரண்டு தட்டுக்கு நடுவில் ஆண்ட்ராய்டு வழக்கமாக 300 மில்லிசெகண்ட் வரைதான் காத்திருக்கும். உறை போட்ட கையாலோ சிமென்ட் ஒட்டிய விரலாலோ மெதுவாக இரண்டு முறை அழுத்தினால், அது இரண்டு தனித் தட்டாகிவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: பாட்டு நின்று, உடனே அதே பாட்டு தொடர்ந்தால் நீங்கள் மெதுவாக அழுத்துகிறீர்கள். எதுவுமே நடக்காவிட்டால்தான் வேறு கோளாறு.

மூன்று தட்டுக்கு முந்தைய பாட்டு வர வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் பொது விதி அல்ல. அதை அந்தந்த ஆப்தான் செய்கிறது. அப்டேட்டுக்குப் பின் மூன்று தட்டு மட்டும் போய்விட்டது என்றால், ஆப்பின் செட்டிங்ஸுக்குள் ஹெட்செட் கட்டுப்பாடு என்ற பகுதியைத் தேடுங்கள். போன் செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை.

ப்ளூடூத் இயர்பட்டில் கதை மாறுகிறது. அங்கே தட்டுகளை எண்ணுவது இயர்பட்டே. எண்ணி முடித்துவிட்டு "அடுத்தது" என்ற ஒற்றை ஆணையைத்தான் போனுக்கு அனுப்பும். ஆகவே அதே இயர்பட்டை வீட்டில் உள்ள இன்னொரு போனில் இணைத்து இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். அங்கும் கேட்கவில்லை என்றால் இயர்பட்டின் சைகை அமைப்பு மாறியிருக்கிறது. அதன் துணை ஆப்பில் திரும்ப அமைக்க வேண்டும். அந்தத் துணை ஆப்புக்கு அருகிலுள்ள சாதனங்களை அணுகும் அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லாவிட்டால் அதில் இயர்பட்டே தெரியாது.

இன்னொரு போனில் கேட்டு, உங்கள் போனில் மட்டும் கேட்கவில்லை என்றால் பழைய இணைப்பை இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும். போனின் ப்ளூடூத் பட்டியலில் Forget கொடுங்கள். இயர்பட்டையும் அதன் கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் மறுபக்கம் பழைய பேச்சுவார்த்தையையே நினைவில் வைத்திருக்கும். பிறகு புதிதாக இணையுங்கள். இதற்கும் மசியாவிட்டால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் Bluetooth AVRCP Version என்று ஒன்று இருக்கும். இயர்பட்டும் போனும் ஆணைகளைப் பேசிக்கொள்ளும் முறையின் பதிப்பு அது. இப்போது இருப்பதைக் குறித்துக்கொண்டு, ஒரு படி குறைத்து, ப்ளூடூத்தை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி பேசினார்கள், அப்டேட்டுக்குப் பிறகு காதில் போட்டிருப்பது தட்டினால் கேட்கவில்லை என்று. விசாரித்தால் போன் வீட்டு முகப்பில் சார்ஜில் இருக்கிறது, ஆச்சி மூன்றாங்கட்டு அடுப்படியில் இருக்கிறார்கள். நடுவில் வளவும் இரண்டாங்கட்டும் அத்தனை கனமான சுவர்களும். எந்த அப்டேட்டும் அதைக் கெடுக்கவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது. போனை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னேன்.

அறிகுறி: பாட்டு ஓடுகிறது, லாக் ஸ்கிரீனில் மட்டும் எதுவும் தெரியவில்லை

இது சின்ன விஷயம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது திரையின் மேலிருந்து இழுத்துப் பாருங்கள். அங்கே கட்டுப்பாடு தெரிந்தால் செஷன் நலம். பூட்டிய திரையில் காட்டாதே என்று ஒரு செட்டிங் மட்டும் மாறியிருக்கிறது. செட்டிங்ஸில் media என்றும், lock screen notifications என்றும் தேடி, இரண்டையும் காட்டும்படி மாற்றுங்கள். மேலிருந்து இழுத்தாலும் தெரியவில்லை என்றால் அது ஆப்பின் குறை. பிளே ஸ்டோரில் ஆப்புக்கு அப்டேட் வந்திருக்கிறதா பாருங்கள்.

கட்டுப்பாடு தெரிகிறது, ஆனால் முன்பு இருந்த இதயக்குறி, ரிப்பீட் போன்ற சில பட்டன்கள் இல்லை என்பதும் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 13-க்குப் பொருந்தும்படி எழுதப்பட்ட ஆப்களில், எந்தப் பட்டனைக் காட்டுவது என்பதைப் போன் நோட்டிஃபிகேஷனிலிருந்து எடுக்காமல் செஷனிலிருந்து எடுக்கிறது. ஆப் எழுதியவர் அங்கே அந்தப் பட்டனைப் பதியவில்லை என்றால் அது வராது. உங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை, ஆப் எழுதியவருக்கு ஒரு வரி அனுப்புவதைத் தவிர.

அறிகுறி: அழைப்பையும் எடுக்க முடியவில்லை, பாட்டு மட்டும் காதில் நன்றாகக் கேட்கிறது

இது ஜாக். பட்டன் வைத்த இயர்போனின் முனையில் நான்கு உலோகத் துண்டுகள் இருக்கும்: இடது ஒலி, வலது ஒலி, எர்த், மைக். பட்டனுக்குத் தனிக் கம்பி கிடையாது. அழுத்தும்போது அது மைக் கம்பியை எர்த்துடன் சேர்த்துவிடும். போன் அதைத்தான் அழுத்தமாகப் புரிந்துகொள்கிறது. இப்போது புழக்கத்தில் உள்ள இயர்போன்களில் மைக் துண்டு அடியில், பிளாஸ்டிக்கை ஒட்டி இருக்கிறது. துளைக்குள் தூசி அடைந்து முனை முழுதாக உள்ளே போகாவிட்டால் ஒலி துண்டுகள் தொடும், மைக் துண்டு தொடாது. பாட்டு கேட்கும், பட்டன் செத்திருக்கும், அழைப்பில் இயர்போன் மைக்கும் வேலை செய்யாது. அப்டேட்டோடு இதற்குச் சம்பந்தமே இல்லை, ஆனால் ஒரே வாரத்தில் நடந்தால் பழி அதன் மேல்தான் விழும்.

ஓடு போடும் பட்டறையில் சிமென்ட் தூள் உள்ளே போய் வியர்வையில் இறுகிவிடும். போனை அணைத்து, துளை கீழே பார்க்கும்படி பிடித்து, மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுங்கள். ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் தகடு வளைந்துவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், ஈரம் போகும். ஈரம் எதிர்மாறான கோளாறைத் தரும்: யாரும் அழுத்தாமலே பாட்டு தானாக நின்று நின்று ஓடும்.

கணினி இருப்பவர்கள் ஜாக்கா ஆப்பா என்பதை ஒரே வரியில் பிரித்துவிடலாம். இது கம்பியைத் தொடாமலே பட்டன் அழுத்தத்தைப் போனுக்குள் அனுப்பும்:

```
adb shell input keyevent 85
```

இதற்குப் பாட்டு நின்று, கம்பிப் பட்டனுக்கு நிற்கவில்லை என்றால் ஜாக் அல்லது இயர்போன்.

எல்லாம் பார்த்தும் கேட்கவில்லை, ஆப் ரொம்பப் பழசு

பல வருடங்களாக அப்டேட்டே வராத பிளேயர் என்றால், மீடியா செஷன் வருவதற்கு முந்தைய முறையிலேயே அது பட்டனைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். புதிய ஆண்ட்ராய்டில் அது எப்போதாவது வேலை செய்யும், அடிக்கடி செய்யாது. வேறு ஆப்புக்கு மாறுவதுதான் வழி.

ஆனால் பழையதை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றிப் பார்ப்போம் என்று மட்டும் இறங்காதீர்கள். ஆண்ட்ராய்டு 7-க்கும் முந்தைய பதிப்பைக் குறிவைத்து எழுதப்பட்ட ஆப்பை ஆண்ட்ராய்டு 15 புதிதாக ஏற்றிக்கொள்ளாது. அப்டேட்டுக்கு முன்பே இருந்தது என்பதால்தான் அதை விட்டுவைத்திருக்கிறது. அழித்தால் போனதுதான். பிளேலிஸ்ட்டை வெளியே எடுக்க அந்த ஆப்பில் வசதி இருந்தால் முதலில் அதை எடுத்து மெமரி கார்டில் வையுங்கள். புது ஆப்பில் பட்டன் ஒரு முழு வேலைநாள் ஒழுங்காகக் கேட்ட பிறகு பழையதை அழித்துக்கொள்ளலாம்.